நாள் முழுக்க ஓடும் மோட்டார் நாலு நிமிடத்தில் ஏன் கருகுகிறது?

கோவையில் ஒரு ரீவைண்டிங் கடை. மேசை மீது 3 எச்.பி. மோட்டார் ஒன்று மூடி கழற்றப்பட்டுக் கிடந்தது. ரோட்டரை உருவி ஓரமாக வைத்திருந்தார்கள். எரிந்த வார்னிஷ் நெடி தெரு வரை வந்தது. கடைக்காரர் டார்ச்சை உள்ளே அடித்துக் காட்டினார்.

"மூணு ஃபேஸும் ஒரே மாதிரி கருகியிருக்கு பாருங்க. லைன்ல ஒரு ஃபேஸ் போயிருந்தா சில காயில் கருகியிருக்கும், மத்தது புதுசாட்டம் இருக்கும். இது மொத்தமா வெந்திருக்கு. அத்தனையும் சூடு."

மோட்டாரைக் கொண்டுவந்தவர் ஒரு வார்ப்படப் பட்டறையின் மேற்பார்வையாளர். ஹாய்ஸ்டில் இருந்த பழைய மோட்டார் பழுதானபோது, அதற்குப் பதிலாகப் பம்புக்குப் போடும் மோட்டார் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அவருக்கு ஆற்றாமை. "பம்புல போட்டா நாள் பூரா ஓடுற மோட்டாருங்க இது. எங்ககிட்ட நாலு நிமிஷம் ஓடும், ஆறு நிமிஷம் சும்மா கிடக்கும். இதுல போய் எப்படிங்க எரியும்?"

கடைக்காரர் பதில் சொல்லவில்லை. திருப்பிக் கேட்டார்: "ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை பட்டனை அமுத்துவீங்க?"

மேற்பார்வையாளரிடம் அதற்குக் கணக்கு இல்லை. ஹாய்ஸ்டுக்கு மோட்டார் தேர்ந்தெடுக்கும் பலரிடமும் இருப்பதில்லை. எவ்வளவு எடை, எவ்வளவு வேகம் என்ற இரண்டையும் வைத்துக் குதிரைத்திறனைப் போட்டுவிட்டு வாங்கப் போய்விடுவார்கள். அந்தக் கணக்கு தவறில்லை, ஆனால் அது மூன்றில் முதலாவதுதான். மூன்றையும் அந்தப் பட்டறையை ஒத்த ஒரு ஹாய்ஸ்டை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

முதல் கணக்கு: சும்மா தூக்குவதற்கு

மணல் அச்சுப் பெட்டிகளைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் ஹாய்ஸ்ட் அது. அதிகபட்ச சுமை 2 டன். கொக்கி, கப்பி, சங்கிலி எல்லாம் சேர்ந்து இன்னொரு 50 கிலோ. இந்த 50 கிலோவைப் பலர் விட்டுவிடுவார்கள், ஆனால் மோட்டாருக்கு அதுவும் சுமைதான். ஆக 2,050 கிலோ. தூக்கும் வேகம் நிமிடத்துக்கு 6 மீட்டர், அதாவது விநாடிக்கு 0.1 மீட்டர்.

2,050 கிலோவைப் புவியீர்ப்பான 9.81 ஆல் பெருக்கினால் சுமார் 20,100 நியூட்டன் விசை. அதை வேகத்தால் பெருக்கினால் 2,010 வாட். கொக்கியில் இந்தத் திறன் கிடைக்க வேண்டும். ஆனால் மோட்டாருக்கும் கொக்கிக்கும் இடையே கியர்பாக்ஸ், டிரம், கப்பி, கம்பிக்கயிறு என்று ஒவ்வொன்றும் உராய்வில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மூன்று கட்ட கியர்பாக்ஸ் உள்ள ஹாய்ஸ்டில் மொத்தத்தில் 85 விழுக்காடு கொக்கிக்குப் போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எனவே 2,010 ஐ 0.85 ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 2.37 கிலோவாட்.

சந்தையில் எளிதாகக் கிடைப்பவை 2.2 கிலோவாட், அதாவது 3 எச்.பி.; அதற்கு அடுத்து 3.7 கிலோவாட், அதாவது 5 எச்.பி. இங்கேதான் முதல் சபலம். "எட்டு விழுக்காடுதானே கூடுதல், எப்போதும் முழு 2 டன்னா தூக்கப் போகிறோம்?" என்று 3 எச்.பி.யில் நின்றுவிடுகிறார்கள். கருகிய மோட்டாரும் 3 எச்.பி.தான். ஆனால் வெறும் எட்டு விழுக்காடு மிகையால் ஒரு மோட்டார் அத்தனை சீக்கிரம் வெந்துபோகாது. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

இரண்டாவது கணக்கு: கிளப்புவதற்கு

ஓடிக்கொண்டிருக்கும் சுமையை ஓட்டிக்கொண்டே இருப்பது ஒன்று. நிற்கும் சுமையைக் கிளப்புவது இன்னொன்று. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். கிளம்பும்போது மாடுகள் முட்டி மடக்கி இழுக்கும், பிறகு சும்மா நடக்கும். மோட்டாரில் இந்த இழுவையை அளக்கும் அளவு முறுக்குவிசை. தண்டு எவ்வளவு பலமாகத் திருகுகிறது என்பதே அது. நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள்.

நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டாரில் 2.37 கிலோவாட் என்பது 15.7 நியூட்டன் மீட்டர். சுமையைச் சீரான வேகத்தில் தூக்கிக்கொண்டிருக்க இது போதும். நிற்கும் இடத்திலிருந்து முழு வேகத்துக்கு அரை விநாடியில் கொண்டுவர வேண்டுமானால் இதற்கு மேல் எவ்வளவு வேண்டும்?

இரண்டு டன்னைக் கிளப்புவதுதான் பெரிய வேலை என்றே யாருக்கும் தோன்றும். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. மோட்டார் விநாடிக்கு 24 சுற்று சுழலும்போது கொக்கி விநாடிக்குப் பத்து சென்டிமீட்டர்தான் நகர்கிறது. நடுவில் உள்ள கியர்பாக்ஸ் வேகத்தை அப்படிக் குறைக்கிறது. அதனால் மோட்டார் தண்டிலிருந்து பார்க்கும்போது அந்த 2,050 கிலோவின் நிலைமம் மிகச் சிறியதாகிவிடுகிறது: 0.0009 கிலோகிராம் சதுர மீட்டர். மோட்டாரின் சொந்த ரோட்டர், பிரேக் தட்டு, கப்ளிங் மூன்றும் சேர்ந்து, 5 எச்.பி. அளவில், ஏறத்தாழ 0.02 இருக்கும். சுமையைவிட இருபது மடங்குக்கும் மேல்.

ஆக, பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் மோட்டார் முதன்மையாகக் கிளப்புவது தன்னையேதான். அரை விநாடியில் கிளப்ப வேண்டிய கூடுதல் முறுக்குவிசை 6.3 நியூட்டன் மீட்டர். அதில் சுமையின் பங்கு வெறும் 0.3; மீதி 6 முழுக்க ரோட்டருக்கும் பிரேக் தட்டுக்கும் போகிறது. கொக்கி காலியாக இருந்தாலும் இந்த 6 வேண்டும். "காலிக் கொக்கிதானே, மோட்டாருக்கு என்ன சிரமம்" என்று நினைப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

நிலைமத்தை மோட்டார் கேட்லாக்கில் பார்த்தே எடுக்க வேண்டும். பழைய கேட்லாக்குகளில் J என்பதற்குப் பதிலாக GD² என்று அச்சிட்டிருப்பார்கள். அது J-யைப் போல நான்கு மடங்கு. கவனிக்காமல் அப்படியே போட்டால் கணக்கும் நான்கு மடங்கு ஏறிவிடும்.

தூக்க 15.7, கிளப்ப 6.3. மொத்தம் 22 நியூட்டன் மீட்டர். 3 எச்.பி. மோட்டாரின் பெயர்ப்பலகைத் திறனுக்குரிய முறுக்குவிசை 14.6. 5 எச்.பி.க்கு 24.5. சாதாரண இண்டக்‌ஷன் மோட்டாரை நேரடியாக லைனில் போட்டால், கிளம்பும்போது இதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தரும். எனவே 5 எச்.பி. மோட்டார் 49 தரும், 15.7 போக மீதமுள்ள 33 இல் பத்தில் ஒரு விநாடியிலேயே முழு வேகத்தை எட்டிவிடும். 3 எச்.பி. 29 தரும். அதற்கு 0.17 விநாடி ஆகும். காகிதத்தில் இரண்டுமே கிளம்பிவிடுகின்றன.

நடைமுறையில் இரண்டு விஷயங்கள் குறுக்கே வரும். ஒன்று மின்னழுத்தம். முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். நீளமான கேபிளின் கடைசியில், பக்கத்தில் உலை வேறு ஓடும்போது, 415 வோல்ட் 340 ஆக இறங்கினால் முறுக்குவிசை மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். 3 எச்.பி. தரும் 29 அப்போது 19.6 ஆகிவிடும். சுமைக்கே 15.7 போய்விட்டால் கிளப்புவதற்கு மிஞ்சுவது நான்கு. 0.17 விநாடியில் முடிந்த வேலை 0.6 விநாடிக்கு இழுக்கும். பட்டனை அழுத்தியதும் ஹாய்ஸ்ட் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டுப் பிறகு கிளம்பினால், நடப்பது இதுதான்.

இன்னொன்று ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர். பம்பு வைத்திருப்பவர்கள் பழக்கதோஷத்தில் இதை ஹாய்ஸ்டுக்கும் மாட்டிவிடுவதுண்டு. ஸ்டாரில் கிளம்பும்போது முறுக்குவிசை மூன்றில் ஒன்றாகிவிடும். 5 எச்.பி.யின் 49 கூட 16 ஆகிவிடும். பம்பின் தண்ணீர் தொடக்கத்தில் எதிர்ப்பதில்லை. தொங்கும் இரண்டு டன் முதல் கணத்திலிருந்தே கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது. பிரேக் விட்ட நொடியில் மோட்டாருக்குப் பலம் இல்லையென்றால் சுமை மேலே போகாமல் கீழே நழுவும். ஹாய்ஸ்டில் ஸ்டார் டெல்டா போடவே கூடாது.

"அப்படியானால் 7.5 எச்.பி. போட்டுவிட்டால் தொல்லை விட்டது" என்பதும் சரியல்ல. பெரிய மோட்டாரின் ரோட்டரும் பெரியது. தன்னையே கிளப்பும் செலவும் கூடும். தொங்கும் பெட்டி வெடுக்கென்று கிளம்பினால் அச்சு மணல் உதிரும். கொக்கி எதிலாவது சிக்கிக்கொண்டால், அந்த மிகைப் பலம் முழுவதும் கம்பிக்கயிற்றிலும் கியர் பற்களிலும்தான் இறங்கும்.

மூன்றாவது கணக்கு: எத்தனை முறை

இனி கடைக்காரரின் கேள்வி. அச்சுப் பெட்டியைத் தூக்கி வைக்கும் ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம். காலிக் கொக்கி கீழே வர 30 விநாடி. சுமையோடு மேலே போக 30. ஹாய்ஸ்ட் பக்கவாட்டில் நகர்ந்த பின் சுமை இறங்க 30. காலிக் கொக்கி திரும்ப ஏற 30. மீதி நேரம் சங்கிலி மாட்டுவதிலும் நகர்வதிலும் போகும். ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம் என்றால், 300 விநாடியில் 120 விநாடி தூக்கும் மோட்டார் ஓடுகிறது. அதாவது 40 விழுக்காடு. மேற்பார்வையாளர் சொன்ன 'நாலு நிமிஷம் ஓடும், ஆறு நிமிஷம் கிடக்கும்' என்பதும் இதே கணக்குதான்.

ஆனால் மேல் பெட்டியைக் கீழ்ப் பெட்டியின் மீது வைக்கும்போது என்ன நடக்கிறது என்று அருகில் நின்று பார்க்க வேண்டும். வழிகாட்டி ஊசி துளையில் சரியாக இறங்க வேண்டும். மணல் இடிந்துவிடக் கூடாது. ஆபரேட்டர் பட்டனைத் தட்டுகிறார். ஒரு விரல்கடை இறங்குகிறது. மறுபடி தட்டுகிறார். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. ஒரு பெட்டிக்குப் பதினாறு தட்டல் என்பது அதிகமில்லை. நான்கு பெரிய நகர்வுகளையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு 20 தொடக்கம். மணிக்கு 12 சுற்று. மொத்தம் 240.

கிளம்பும் கணத்தில் மோட்டார் முழுச் சுமை மின்னோட்டத்தைப் போல ஆறு மடங்கு இழுக்கும். கம்பிச்சுற்றில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆறு மடங்கு மின்னோட்டம் என்றால் 36 மடங்கு சூடு. பத்தில் ஒரு விநாடித் தொடக்கம் ஒன்று, முழுச் சுமையில் மூன்றரை விநாடி ஓடிய சூட்டைத் தரும். 5 எச்.பி. மோட்டாரில் 240 தொடக்கம் என்பது மணிக்கு 14 நிமிடம் கூடுதலாக ஓடியதற்குச் சமம். இதை மேல் வரம்பாகக் கொள்ள வேண்டும். வேகம் ஏற ஏற மின்னோட்டம் குறையும், இறக்கும்போது சுமையே உதவும்.

அதே கணக்கை, குறைந்த மின்னழுத்தத்தில் முனகும் 3 எச்.பி.க்குப் போட்டுப் பாருங்கள். மின்னோட்டம் ஐந்து மடங்கு, சூடு 25 மடங்கு, ஒவ்வொரு தொடக்கத்துக்கும் 0.6 விநாடி. ஒரு தொடக்கம் 15 விநாடி ஓட்டத்துக்குச் சமம். 240 ஆல் பெருக்கினால் ஒரு முழு மணி நேரம். இறக்கும் தட்டல்களையும் காலிக் கொக்கியையும் கழித்துப் பாதியாக்கினாலும் அரை மணி நேரச் சூடு. அதோடு உண்மையான ஓட்டம் 24 நிமிடம். ஓய்வு என்று நினைத்த நேரம் முழுவதையும் தொடக்கங்கள் தின்றுவிட்டன.

அந்த ஓய்விலும் ஒரு குறை இருக்கிறது. பம்பு மோட்டாரின் விசிறி அதன் தண்டிலேயே இருக்கிறது. பம்பு ஓடும் வரை அது காற்றடித்துக்கொண்டே இருக்கும். ஹாய்ஸ்டில் மோட்டார் நின்றால் விசிறியும் நிற்கும். சூடு அதிகம் சேர்ந்திருக்கும் நேரத்தில் காற்று இல்லை. போதாததற்கு, பெரும்பாலான மோட்டார்களின் திறன் சுற்றுப்புறம் 40 டிகிரி செல்சியஸ் என்று வைத்தே எழுதப்படுகிறது. உருகிய இரும்பு ஊற்றும் இடத்தில், கூரைக்குக் கீழே தொங்கும் ஹாய்ஸ்டுக்கு 40 டிகிரி கிடைப்பது அரிது.

மேற்பார்வையாளரின் ஆற்றாமைக்கு விடை இதுதான். பம்பு மோட்டார் காலையில் ஒருமுறை கிளம்பும், மாலை வரை தன் காற்றிலேயே குளிர்ந்துகொண்டு ஓடும். ஹாய்ஸ்டில் அதே மோட்டார் ஒரே மணி நேரத்தில், பம்பில் மாதக்கணக்கில் கிளம்பும் அளவுக்குக் கிளம்பிவிடுகிறது.

பெயர்ப்பலகையில் ஒரு வரி

இந்த வேறுபாடு மோட்டாரின் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. இந்தியாவிலும் பின்பற்றப்படும் IEC 60034-1 தரநிலை, மோட்டார் வேலை செய்யும் விதத்தை S1 முதல் S10 வரை பிரிக்கிறது. S1 என்றால் நிற்காத ஓட்டம். பம்பு, விசிறி ஆகியவை இதில் சேரும். S3 என்றால் விட்டுவிட்டு ஓடுவது. S3-40% என்று இருந்தால், பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் ஓடலாம்.

பலர் S3-40% என்று பார்த்ததும் ஹாய்ஸ்டுக்குப் போதும் என்று வாங்கிவிடுகிறார்கள். ஆனால் S3-இன் விளக்கமே, தொடங்கும்போது எழும் சூடு பொருட்படுத்தத் தக்கதல்ல என்று வைத்துக்கொள்கிறது. நம் கதையில் வில்லனே அதுதான். தொடக்கச் சூட்டையும் கணக்கில் சேர்ப்பது S4. அதில் மணிக்கு எத்தனை தொடக்கம் என்பதும் குறிக்கப்பட வேண்டும். நம் ஹாய்ஸ்டுக்குக் கேட்க வேண்டியது: 3.7 கிலோவாட், S4, 40 விழுக்காடு, மணிக்கு 240 தொடக்கம். ஹாய்ஸ்டையே முழுதாக வாங்குவதானால், M5 அல்லது FEM 2m என்ற வகுப்பு இதே 40 விழுக்காட்டையும் 240 தொடக்கத்தையும் குறிக்கும். M3 என்றால் 25 விழுக்காடும் 150 தொடக்கமும்தான். விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கே ஒளிந்திருக்கும்.

டிரைவ் எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி போட்டால் நிலைமை நிறைய மாறும். முழு வேகத்துக்கு ஒரு விநாடி எடுத்துக்கொள்ளச் செய்தால், நம் ஹாய்ஸ்டுக்குக் கிளம்பத் தேவைப்படுவது சுமார் 19 நியூட்டன் மீட்டர். ஆறு மடங்கு மின்னோட்டம் தேவையே இல்லை. பெட்டியை வைக்கும்போது தட்டித் தட்டி இறக்காமல் மெல்ல இறக்கலாம். ஆனால் மெல்ல ஓடும்போது தண்டிலுள்ள விசிறியும் மெல்லத்தான் சுழலும். நெடுநேரம் அப்படி ஓட்டுவதானால் தனி விசிறி வேண்டும். சுமை இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும். அதை எரித்துத் தீர்க்க பிரேக் ரெசிஸ்டரும் வேண்டும்.

இத்தனை சூடு ஏறும்போது ஓவர்லோடு ரிலே ஏன் தட்டவில்லை? இதையும் மேற்பார்வையாளர் கேட்டார். அதன் உள்ளே உள்ள உலோகத் தகடு மோட்டாரைவிடச் சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறிவிடும். விட்டுவிட்டு ஓடும் மோட்டாரின் உள்ளே சேர்ந்துகொண்டே போகும் சூட்டை அது அறியாது. அடிக்கடி தட்டுகிறதே என்று யாராவது திருகி ஏற்றி வைத்திருந்தால் அதற்கும் வாய்ப்பில்லை. கம்பிச்சுற்றுக்குள்ளேயே ஃபேஸுக்கு ஒன்றாகப் புதைக்கப்படும் தெர்மிஸ்டர் உண்மையான சூட்டைப் பார்க்கும். ரீவைண்டிங் செய்யும்போதே அதைச் சேர்த்துவிடலாம். கூடவே ஒரு ரிலே வேண்டும்.

மோட்டார் கருகும் முன்பே சில அறிகுறிகள் தெரியும். கிளம்பும்போது முனகல், காலையில் சரியாகத் தூக்கியது மதியம் தயங்குவது, வார்னிஷ் வாடை. பிரேக்கையும் பார்த்துவிட வேண்டும். அதன் தட்டு முழுதாக விடாமல் உரசினால், எவ்வளவு சரியாகத் தேர்ந்தெடுத்த மோட்டாரும் பிரேக்கைச் சேர்த்து இழுத்து வேகும்.

கடையில் அன்று மோட்டாரைக் கட்டி முடிக்கவில்லை. கடைக்காரர் மேற்பார்வையாளரிடம் ஒரு வேலை சொல்லி அனுப்பினார். மறுநாள் வார்ப்பு ஊற்றும் நாள். ஆபரேட்டர் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று, பட்டன் ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் ஒரு கோடு போட வேண்டும். மோட்டார் ஓடிய விநாடிகளைத் தனியாகக் குறிக்க வேண்டும். ஹாய்ஸ்ட் சுமையோடு கிளம்பும்போது மோட்டார் முனையில் எத்தனை வோல்ட் என்று எலக்ட்ரீஷியனை விட்டு அளக்கச் சொல்ல வேண்டும்.

"அந்தக் காகிதத்தைக் கொண்டுவாங்க" என்றார். "அப்புறம் எந்த மோட்டார்னு சொல்றேன்."